பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்

கே. பாலசந்தரின் ‘தில்லு முல்லு’ 1981-ல் வெளிவந்தது. அதில் ரஜினிகாந்தின் மீசைதான் பாதிப் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. மீசை வைத்த சந்திரன் ஒருவன், மீசை இல்லாத இந்திரன் இன்னொருவன், இருவரும் அண்ணன் தம்பி என்று முதலாளி தேங்காய் சீனிவாசன் நம்புகிறார். இருப்பது ஒரே ஆள்தான் என்பதும், ஆபீஸுக்கு வரும்போது இருப்பது ஒட்டு மீசை என்பதும் நமக்குத் தெரியும். அதனால் முதலாளி சாதாரணமாக அவன் முகத்தைப் பார்த்தாலே நமக்குச் சிரிப்பும் வருகிறது, ‘கண்டுபிடித்துவிடுவாரோ’ என்ற பதற்றமும் வருகிறது. அந்தக் காட்சியில் யாரும் நகைச்சுவையாகப் பேச வேண்டிய அவசியம்கூட இல்லை.

பாத்திரங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பார்ப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடும் இந்த உத்திக்கு நாடக முரண் என்று பெயர். முழுநீளப் படத்தில் இதற்கு இடம் தாராளம். ரகசியத்தை அரை மணி நேரம் கழித்துச் சொல்லலாம், நடுவில் மறக்கவிட்டு மறுபடி ஞாபகப்படுத்தலாம். எட்டு நிமிடக் குறும்படத்தில் அந்த வசதி கிடையாது. சினிமாக்காரர்களின் பழைய கணக்குப்படி ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். எட்டே பக்கத்தில் ரகசியத்தைக் கையில் கொடுத்து, அதைப் பார்ப்பவர் மனதில் கனக்கவைத்து, ஒரு முடிவுக்கும் கொண்டுவர வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை ஒரு சின்னக் கதையை வைத்தே பார்த்துவிடலாம். இதற்காகவே கட்டிய கதை இது.

மதுரைப் பக்கம் ஒரு சிற்றூர். வீட்டில் மூன்று பெண்கள்: அப்பத்தா ராசம்மாள், மருமகள் தேவி, கல்லூரியில் சேரப்போகிற பேத்தி நித்யா. மகன் லாரியோடு வெளியூர் போயிருக்கிறான். நாளை காலை கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டும், ஆறாயிரம் குறைகிறது. அப்பத்தா தன் முதியோர் பென்ஷனை மாதாமாதம் மிச்சம் பிடித்து, ஓடாத பழைய ரேடியோ ஒன்றுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். தேவியோ, பணம் குறைகிறதே என்று வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களைப் பழைய சாமான்காரரிடம் போடுகிறாள். அந்தக் கணக்கில் ரேடியோவும் போய்விடுகிறது.

இந்தக் கதையில் ரகசியம் முழுசாக ஒருவரிடமும் இல்லை. பணம் இருப்பது அப்பத்தாவுக்குத் தெரியும், ரேடியோ போனது தெரியாது. ரேடியோ போனது தேவிக்குத் தெரியும், பணம் இருந்தது தெரியாது. இரண்டு பாதியையும் சேர்த்து வைத்திருப்பவர் பார்ப்பவர் மட்டுமே. ஒருவன் தெரிந்தே மற்றவரை ஏமாற்றும் கதையில் நாம் அந்த ஏமாற்றுக்காரனின் கூட்டாளி ஆகிவிடுகிறோம். ‘தில்லு முல்லு’ அந்த வகை. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, இருவரும் அதே பெண்ணின் படிப்புக்காகத்தான் பாடுபடுகிறார்கள். நமக்குச் சொல்லத் தோன்றுகிறது, சொல்ல முடியவில்லை. குறும்படத்துக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஏமாற்றுக்காரனை நமக்குப் பிடிக்கவைக்கவே இரண்டு பக்கம் செலவாகிவிடும். நல்ல மனதுள்ள இருவரைப் பிடிக்கவைக்க அரைப் பக்கம் போதும்.

முதல் வேலை ரகசியத்தைக் கொடுப்பது. அதை முதல் நிமிடத்துக்குள், வாயால் சொல்லாமல் கண்ணால் காட்டிக் கொடுத்துவிட வேண்டும்.

காட்சி 1. உள். வீடு. காலை.

அலமாரியின் மேல் தட்டில் மரப்பெட்டி வைத்த பழைய ரேடியோ. ராசம்மாள் அதைத் திருப்பி வைக்கிறாள். பின்பக்க அட்டையில் மூன்று மூலையில் ஸ்குரு. நான்காவது மூலையில் ஸ்குருவுக்குப் பதில் ஒரு ஊக்கு.

தேவியின் குரல் (அடுப்படியிலிருந்து, போனில்): போன தடவ அத்தை குடுத்த காசு வட்டிக்கே போயிருச்சுங்க. இனிமே அவங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது? நானே பாத்துக்குறேன்.

ராசம்மாள் ஊக்கைக் கழற்றி, அட்டையை விலக்கி, மஞ்சள் துணி முடிச்சை எடுக்கிறாள். சுருக்குப்பையில் இரண்டு ஐந்நூறு, இரண்டு நூறு. ஐந்நூறு இரண்டையும் முடிச்சில் வைக்கிறாள். நூறு இரண்டும் சுருக்குப்பைக்கே திரும்புகின்றன. முடிச்சு உள்ளே போகிறது. ஊக்கு.

இதில் ராசம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மூன்று செய்திகள் நம்மிடம் வந்துவிட்டன: பணம் எங்கே இருக்கிறது, ஏன் இதை முன்னாடியே கையில் கொடுக்க மாட்டாள், ஏன் தேவி இவளிடம் கேட்க மாட்டாள். இதில் கடைசி இரண்டும் முக்கியம். ரகசியக் கதைகள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான். ‘ஒரு வார்த்தை பேசியிருந்தா முடிஞ்சிருக்குமே’ என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிட்டால், அடுத்து வரும் எதற்கும் அவர் பதற மாட்டார். பாத்திரங்கள் மேல் எரிச்சல்தான் வரும். பேசாமல் இருப்பதற்கு அவரவருக்கு ஒரு நியாயம் வேண்டும். போன தடவை கொடுத்த பணம் வட்டிக்குப் போனதால், இந்த முறை பணம் கட்டும் நாளன்று காலையில் கொடுக்கலாம் என்று மாமியார் காத்திருக்கிறாள். அதே காரணத்தால் மறுபடி கேட்க மருமகளுக்கு வெட்கம். ஒரே சம்பவம் இரண்டு வாயையும் அடைத்துவிட்டது. எழுதும்போது ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலும் ‘இவள் இதை இப்போதே ஏன் சொல்லவில்லை?’ என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். பதில் வராத இடத்தில் வசனத்தைத் திருத்திப் பயனில்லை, சூழ்நிலையைத்தான் மாற்ற வேண்டும்.

அந்த ஊக்கு எதற்கு என்று கேட்கலாம். ரகசியத்துக்கு ஓர் அடையாளம் தேவை. ‘தில்லு முல்லு’வில் மீசை செய்யும் வேலையை இங்கே ஊக்கு செய்கிறது. எட்டு நிமிடப் படத்தில் ‘உள்ளே பணம் இருக்கிறது’ என்று மறுபடி மறுபடி நினைவூட்டினால் பார்ப்பவர் தன்னைக் குழந்தையாக நடத்துவதாக நினைப்பார். ஊக்கு ஒரு நொடி தெரிந்தால் போதும், மஞ்சள் முடிச்சு அவர் மனதில் தானாக வந்துவிடும். அடையாளம் சின்னதாக இருக்க வேண்டும், வேறு எதோடும் குழம்பக் கூடாது, பாத்திரங்களின் கண்ணில் பட்டாலும் அவர்களுக்கு ஒன்றும் தோன்றாததாக இருக்க வேண்டும். பழைய ரேடியோவில் ஊக்கு இருந்தால் எந்த வியாபாரியும் சந்தேகப்பட மாட்டார்.

இரண்டாவது காட்சிதான் படத்தின் நடு மரம். இரண்டரை நிமிடம் கொடுக்கலாம். அப்பத்தா பிரஷர் மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வாசலில் பழைய சாமான்காரர், தராசு, பித்தளை அண்டா, குடம்.

வியாபாரி: ஐயாயிரத்து எண்ணூறு வருதும்மா. அதுக்கு மேல எனக்கே கட்டாது.

தேவி: ஆறாயிரமாக் குடுத்துருங்கண்ணே. புள்ளைக்குப் பீஸ் கட்டணும்.

வியாபாரி: வேற ஏதாச்சும் போடுங்க, எரநூறு சேத்துக்கலாம். (உள்ளே எட்டிப் பார்த்து) அந்த ரேடியோ?

தேவி: அது மாமா வாங்குனது. அத்தை தினமும் தொடச்சு வைப்பாங்க.

வியாபாரி: பாடுதா?

தேவி: ...பாடாது.

வியாபாரி ரேடியோவை எடுத்துக் குலுக்குகிறார். உள்ளே ஏதோ நகர்கிற சத்தம்.

வியாபாரி: உள்ள என்னமோ கெடக்கே.

தேவி: எல்லாம் கழண்டுபோயிருக்கும்ணே. எத்தன வருசமாச்சு.

வியாபாரி ரேடியோவைத் திருப்புகிறார். ஊக்கு. ஒரு நொடி. சாக்குக்குள் போடுகிறார்.

வியாபாரி: சாயங்காலம் லோடு மதுரைக்குப் போயிரும். மனசு மாறுனா அதுக்குள்ள சொல்லிருங்க.

கண்டுபிடித்துவிடுவார்களோ என்று தோன்றும் இடங்கள் இந்தக் காட்சியில் இரண்டு: குலுக்கும்போது ஒன்று, திருப்பும்போது ஒன்று. மூன்றாவதாக ஒன்று வைத்தால் பார்ப்பவர் சுதாரித்துக்கொள்வார். ‘இதுவும் தப்பிவிடும்’ என்று அவருக்குத் தெரிந்துவிடும். தேவி தயங்குவதையும் கவனியுங்கள். ‘அத்தை தினமும் தொடச்சு வைப்பாங்க’ என்று அவளே சொல்லிவிட்டு விற்கிறாள். அந்தத் தயக்கம் இல்லாவிட்டால் அவள் அலட்சியக்காரி ஆகிவிடுவாள், நம் கோபம் அவள் மேல் திரும்பும். நமக்கு வேண்டியது கோபம் இல்லை, ‘வேண்டாம், கொடுக்காதே’ என்று அவள் கையைப் பிடிக்கத் தோன்றுகிற பாசம். கடைசி வசனம் ஒரு கெடு வைக்கிறது. லோடு எப்போது போகும் என்று தெரிந்த பிறகு, அடுத்த காட்சியில் அப்பத்தா நிதானமாக வெற்றிலை மடித்தால்கூட நமக்குப் பொறுக்காது.

அறியாமையோடு பேசும் வசனத்தை எழுதத் தெரிந்துகொள்ள நம் மொழியிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைத் தெருவில் பொற்கொல்லனைச் சந்திக்கிறான். அரசன் தேவி அணியத் தகுந்த ஒரு சிலம்பு, இதற்கு விலை சொல்ல முடியுமா என்று அவனிடமே கேட்கிறான். தன் பொருளின் தரத்தை உயர்த்திச் சொல்கிற வியாபாரப் பேச்சு அது, அவ்வளவுதான். அரசியின் சிலம்பைத் திருடியவனே இந்தக் கொல்லன் என்பதை இளங்கோ அடுத்து நமக்குச் சொல்லிவிடுகிறார். அந்தக் கணம் முதல் கோவலன் கேட்ட கேள்வியே அவன் கழுத்துக்கு வந்துவிட்டது நமக்குப் புரிகிறது. கொல்லன் இருக்கச் சொன்ன இடத்தில் அவன் நம்பிக் காத்திருக்கிறான். நாம் காத்திருக்க முடியாமல் தவிக்கிறோம். கோவலனின் வாக்கியத்தில் சோகத்தின் சாயல் துளியும் இல்லை என்பதுதான் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. பேசுகிறவருக்கு அது வெறும் காரியப் பேச்சு. பாரம் முழுவதும் கேட்பவர் பக்கம்.

மூன்றாவது காட்சியை இந்த அளவுகோலை வைத்துத்தான் எழுத வேண்டும். அப்பத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்கிறாள். பக்கத்தில் நித்யா. தேவி உள்ளே.

ராசம்மாள்: நாளைக்குப் பீஸு யாரு கட்டுனான்னு கேட்டா, எங்க தாத்தா கட்டுனாருன்னு சொல்லு.

நித்யா: தாத்தாதான் இல்லையே அப்பத்தா.

ராசம்மாள்: இல்லாட்டி என்ன. இன்னும் பேசிக்கிட்டுத்தான இருக்காரு.

நித்யாவுக்கு இது கிழவியின் பேச்சு. உள்ளே நிற்கும் தேவிக்கு, மாமனாரின் ரேடியோவை விற்றுவிட்டோமே என்ற குத்தல். நமக்கு மட்டும்தான் இது பணத்தைப் பற்றிய பேச்சு. ஒரே வசனம் மூன்று பேருக்கு மூன்று அர்த்தம் தருகிறது.

இப்படி எழுதியது வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. முதல் காட்சியை எடுத்துவிட்டு, மூன்றாவது காட்சியை மட்டும் புதிதாக ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்கு அது சாதாரணக் குடும்பப் பேச்சாகத் தெரிய வேண்டும். பிறகு முதல் காட்சியிலிருந்து படிக்கக் கொடுங்கள். இரண்டு முறையும் அதே உணர்ச்சிதான் வந்தது என்றால் ரகசியம் அந்தக் காட்சிக்குள் இறங்கவே இல்லை, முதல் பக்கத்திலேயே தங்கிவிட்டது. மாறாக, முதல் காட்சி இல்லாமலேயே ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று அவர் மோப்பம் பிடித்துவிட்டால் வசனம் கண்ணடிக்கிறது என்று பொருள். ‘தாத்தா உள்ளேயே இருக்காரு’ என்பதுபோல அழுத்தி எழுதியிருப்பீர்கள். படப்பிடிப்பிலும் இதே ஆபத்து உண்டு. தேவியாக நடிப்பவருக்குக் கதை முழுவதும் தெரியும், அதனால் ரேடியோவைக் கொடுக்கும்போது அவரை அறியாமல் ஒரு கணம் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார். பின்னணியில் வயலின் ஒன்று சேர்ந்துவிட்டால் எல்லாம் போயிற்று. தேவிக்கு அப்போது தெரிந்தது இருநூறு ரூபாய் மட்டும். அந்த இருநூறைத்தான் அவர் நடிக்க வேண்டும்.

இனி முடிவு. ரகசியத்தை முன்பே சொல்லிவிட்டதால் பார்ப்பவரிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம். இந்தக் கடனை ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் அனுபவித்துத் தெரிந்துகொண்டார். 1936-ல் அவர் எடுத்த ‘சபோடாஜ்’ படத்தில் ஒரு சிறுவன் லண்டன் வழியாக ஒரு பார்சலைக் கொண்டுபோகிறான். அதில் வெடிகுண்டு, ஒன்றே முக்கால் மணிக்கு வெடிக்கும். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெருவில் பற்பசை விற்பவன் அவனைப் பிடித்து நிறுத்துகிறான், ஊர்வலம் வழியை மறிக்கிறது, பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலிருக்கும் நாய்க்குட்டியோடு அவன் விளையாடுகிறான். கடிகாரம் ஓடுகிறது. குண்டு வெடிக்கிறது, பையன் இறந்துபோகிறான். 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடந்த நீண்ட உரையாடலில், அதைத் தன் தவறாகவே ஹிட்ச்காக் சொன்னார். அவ்வளவு நேரம் அந்தப் பையனோடு பதறிவந்தவர்களுக்கு அந்த முடிவு பொறுக்கவில்லை.

இதனால் எல்லாக் கதையும் நல்லபடி முடிய வேண்டும் என்று ஆகாது. கோவலன் கொல்லப்படத்தான் செய்கிறான். ஆனால் அவன் இறந்த பிறகு கண்ணகி வழக்குரைக்கிறாள், உண்மை அரண்மனைக்குள் போகிறது, தெரிய வேண்டியவனுக்குத் தெரிகிறது. நமக்கு மட்டும் தெரிந்த உண்மை கதைக்குள் ஒருவரையாவது போய்ச் சேர வேண்டும். அதுதான் கடனை அடைப்பது. பஸ்ஸில் இருந்த பையனுக்கு அது கடைசிவரை போய்ச் சேரவே இல்லை.

நம் கதையில் உண்மை அப்பத்தாவைச் சேர்கிறது. மாலை. அவள் அலமாரியைப் பார்க்கிறாள், ரேடியோ இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி இல்லாத தடம். தேவி தலைகுனிந்து சொல்கிறாள்: எரநூறு கொறஞ்சுச்சு அத்தை. இப்போது ராசம்மாளிடம் இரண்டு பாதியும் வந்துவிட்டன. இதுவரை ‘தெரிந்துவிடுமா’ என்று பதறிய நாம், இனி ‘தெரிந்தவள் என்ன செய்வாள்’ என்று பார்க்கத் தொடங்குகிறோம். நாடக முரணை வைத்து எழுதும் குறும்படத்துக்கு உயிர் இந்த மாற்றத்தில் இருக்கிறது. எழுதுகிறவர்கள் பலர் கண்டுபிடிக்கும் கணத்தோடு படத்தை முடித்துவிடுகிறார்கள். கண்டுபிடிப்பு பார்ப்பவருக்குப் புதுச் செய்தி அல்லவே. அவருக்கு அது முதல் நிமிடத்திலேயே தெரியும். அவருக்குப் புதியது அடுத்து வருவதுதான்.

ராசம்மாள் ‘பாடாததுதான, போகட்டும்’ என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. சொன்னால் தேவி தன்னை மன்னிக்கவே மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். நான்காவது காட்சி பழைய இரும்புக் கடை. லாரியில் லோடு ஏறிக்கொண்டிருக்கிறது. குவியலில் ஒரே மாதிரி மூன்று ரேடியோ. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறாள்.

ராசம்மாள்: இது என்ன வெல?

வியாபாரி: எரநூத்தம்பது, ஆத்தா.

ராசம்மாள் சுருக்குப்பையைத் திறக்கிறாள். இரண்டு நூறு ரூபாய்த் தாள்.

வியாபாரி: (ரேடியோவை வாங்கிக் குலுக்கி) உள்ள என்னமோ கெடக்கு பாத்துக்க. கழட்டிக் காட்டவா?

ராசம்மாள்: கெடக்கட்டும். வீட்டுக்குப் போயிப் பாத்துக்குறேன்.

வியாபாரி: ...சரி, எரநூறே குடு.

முதல் காட்சியில் சுருக்குப்பைக்குத் திரும்பிய நூறு இரண்டும் இங்கே வேலைக்கு வருகின்றன. அதைவிட முக்கியம், தெரியாதவர் இடம் மாறிவிட்டார். இத்தனை நேரம் தெரியாமல் இருந்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். இப்போது தெரியாதவர் வியாபாரி, ராசம்மாளோ நம் பக்கம் வந்துவிட்டாள். அதே குலுக்கல், அதே சத்தம், ஏறத்தாழ அதே வசனம். இரண்டாவது காட்சியில் அது வயிற்றைப் பிசைந்தது, இங்கே ‘சீக்கிரம் வாங்கிட்டுக் கிளம்பு’ என்று அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடிக்கவைக்கிறது. புதிதாக எதையும் சேர்க்காமல், யாருக்குத் தெரியும் என்பதை மட்டும் மாற்றி இதைச் செய்ய முடிகிறது. எட்டுப் பக்கத்துக்குள் இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

தேவிக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஐந்தாவதாக ஒரு காட்சி வைத்து, ரேடியோவை மேசையில் வைத்து, மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் காட்டலாம். கண்ணீர் வரும், கைதட்டலும் கிடைக்கும். நான் அதை எழுத மாட்டேன். பணம் கட்ட ஆறாயிரம் தேவியின் கையில் இருக்கிறது, அவள் சொந்த முயற்சியில் சேர்த்தது. முடிச்சைக் காட்டினால் அவள் அண்டாவை விற்றது வீண் என்று ஆகிவிடும். ராசம்மாள் ரேடியோவோடு வீட்டுக்கு வரட்டும். ‘அவரு ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு திருப்பி வாங்கிட்டேன்’ என்று ஒரு வரி சொல்லட்டும். தேவி அதை நம்புவாள். அடுத்த வருடமும் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது, முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவளைத் தவிர நமக்கும் தெரியும்.